ஒரு முறை அழுத்தினால் ஒரே ஒரு பல்ஸ்

சுற்றை நாமே நிரலாக எழுதி அமைத்துக்கொள்ளும் எஃப்பிஜிஏ போர்டில் முதல் கவுன்டரை எழுதிப் பார்த்த ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பட்டனை ஒரு முறை அழுத்தினால் எண் ஒன்று கூட வேண்டும். ஆனால் அழுத்திக்கொண்டிருக்கும்போது எட்டு எல்இடியும் மங்கலாக எரிகின்றன. கையை எடுத்தால் வாய்க்கு வந்த எண்ணில் நிற்கின்றன. பட்டன் கெட்டுவிட்டதா?"

பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது. அவர் எழுதியது இதுதான்: ஒவ்வொரு கிளாக் விளிம்பிலும் பட்டனைப் பார், 1 என்றால் எண்ணைக் கூட்டு. போர்டின் கிளாக் 50 மெகாஹெர்ட்ஸ். அதாவது 20 நானோ நொடிக்கு ஒரு முறை அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. நம் விரல் எவ்வளவு அவசரப்பட்டாலும் பட்டன் 100 மில்லி நொடியாவது அழுந்தியிருக்கும். அதற்குள் 50 லட்சம் முறை "ஆமாம், 1" என்று பதில் வந்துவிடுகிறது. எட்டு பிட் கவுன்டர் அத்தனை முறையும் கூட்டிச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு எல்இடியும் பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைகிறது. கண்ணுக்கு அது மங்கலாகத் தெரிகிறது. கையை எடுக்கும்போது நிற்கும் எண், உருட்டிவிட்ட பகடை மாதிரிதான்.

ஆக, நமக்கு வேண்டியது "பட்டன் 1 ஆக இருக்கிறதா" என்ற கேள்வி அல்ல, "இப்போதுதான் 1 ஆனதா" என்ற கேள்வி. அதற்கு விடை சொல்ல, சுற்றுக்குக் கொஞ்சம் பழசு நினைவிருக்க வேண்டும்.

அந்த நினைவுக்கு ஒரே ஒரு டி ஃபிளிப்ஃப்ளாப் போதும். கிளாக் ஏறும் கணத்தில் அது தன் உள்ளீட்டைப் பார்த்துக்கொள்ளும். அடுத்த ஏற்றம் வரை, உள்ளீட்டில் என்ன நடந்தாலும், பார்த்ததையே வெளியே சொல்லிக்கொண்டிருக்கும். அப்படியானால் அதன் வெளியீடு எப்போதும் ஒரு கிளாக் பழைய செய்தி. புதிய செய்தியையும் பழைய செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் முடிந்தது. இப்போது 1, முன்பு 0 என்றால் ஏறும் விளிம்பு. இரண்டும் 1 என்றால் பட்டன் அழுந்தியபடியே இருக்கிறது, பேசாமல் இருக்கலாம். வன்பொருளாகச் சொன்னால் ஒரு நாட் கேட், ஒரு ஆண்ட் கேட், அவ்வளவுதான். ஆண்ட் கேட்டிலிருந்து வெளியே வருவதுதான் நம் பல்ஸ், கவுன்டர் இனி பட்டனுக்குப் பதில் அதைப் பார்த்துக் கூட்டும்.

பாடக்குறிப்புகள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடும். வம்பு இங்கேதான் ஆரம்பம்.

பட்டனின் சிக்னலை அப்படியே "புதிய செய்தி"யாக எடுத்துக்கொண்டோம் என்று வைத்துக்கொள்வோம். கிளாக் 0, 20, 40 என்று ஏறி, 100-வது நானோ நொடியிலும் ஏறுகிறது. விரலுக்கு இந்த அட்டவணை தெரியாது. அது பட்டனை 93-இல் அழுத்துகிறது. பல்ஸ் அந்தக் கணமே எழும்பிவிடும். 100-இல் ஃபிளிப்ஃப்ளாப் 1-ஐப் பிடித்ததும் இறங்கிவிடும். அகலம் 7 நானோ நொடி. ஒரு கிளாக் அகலம் கேட்ட நமக்கு மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. ஆனாலும் 100-இல் கவுன்டர் பார்க்கும்போது பல்ஸ் உயரத்தில் இருப்பதால் எண்ணிக்கை சரியாக ஒன்று கூடும். எல்லாம் சரியாக நடக்கிற மாதிரியே தெரியும்.

இப்போது விரல் 99.9-இல் அழுத்தட்டும். பட்டன் சிக்னல் ஒரு வழியாக ஃபிளிப்ஃப்ளாப்புக்கும், இன்னொரு வழியாக ஆண்ட் கேட்டைத் தாண்டிக் கவுன்டருக்கும் போகிறது. இரண்டு வழிகளின் நீளமும் ஒன்றல்ல. ஃபிளிப்ஃப்ளாப் 1-ஐப் பிடித்துவிட்டது, பல்ஸ் கவுன்டரை எட்டுவதற்குள் கிளாக் போய்விட்டது என்றால், அந்த அழுத்தம் காணாமலே போகும். தலைகீழாக, கவுன்டர் பார்த்துவிட்டு ஃபிளிப்ஃப்ளாப் கோட்டை விட்டால், அதன் கணக்கில் பட்டன் இன்னும் 0. ஆகவே பல்ஸ் 120 வரை நீளும், கவுன்டர் இரண்டாவது முறையும் கூட்டும். இதைவிட விபரீதம் ஒன்று இருக்கிறது. கவுன்டரே பல ஃபிளிப்ஃப்ளாப்களால் ஆனது. எண் 7-இல் நிற்கிறது, அதாவது 0111. அடுத்தது 1000. நான்கு பிட்டும் மாற வேண்டும். மேல் பிட்டுக்குப் பல்ஸ் எட்டி, கீழே உள்ள மூன்றுக்கும் எட்டாமல் போனால் 1111. ஏழுக்கு அடுத்தது பதினைந்து!

இந்த ஆபத்தான இடுக்கு 0.1 நானோ நொடி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 20 நானோ நொடிக் கிளாக்கில் அது 200-இல் ஒரு பங்கு. பத்து முறை அழுத்திப் பார்த்துத் திருப்திப்படுபவர் கண்ணில் படாமலே போக வாய்ப்பு அதிகம். சாதாரண சிமுலேஷனிலும் தெரியாது, அங்கே வழிகளில் தாமதமே இல்லை. தெரிய வேண்டிய நாளில்தான் தெரியும். "இந்த போர்டுக்கு ராசியில்லை" என்று ஓரங்கட்டப்பட்ட போர்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அதே நிரலை மறுபடி கம்பைல் செய்தால் பிழை மறைகிறது, இன்னொரு வரி சேர்த்தால் திரும்பி வருகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது ராசியை அல்ல. கம்பைல் செய்யும்போது வழிகளின் நீளம் மாறுகிறது, அவ்வளவுதான்.

மருந்து எளிது. வெளியிலிருந்து வரும் சிக்னலை ஒரே ஒரு ஃபிளிப்ஃப்ளாப் மட்டும் பார்க்க வேண்டும். அது என்ன சொல்கிறதோ அதையே மற்ற எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டும். வாசலில் ஒரே காவலாள்.

அந்தக் காவலாளுக்கே குழப்பம் வந்தால்? கிளாக் ஏறும் அதே கணத்தில் உள்ளீடும் மாறினால் ஃபிளிப்ஃப்ளாப் 0-க்கும் 1-க்கும் நடுவில் தொங்கி நிற்கக்கூடும். மதில் மேல் பூனை. எந்தப் பக்கம் குதிக்கும் என்றும் சொல்ல முடியாது, எப்போது குதிக்கும் என்றும் சொல்ல முடியாது. 1973-இல் சேனி, மோல்னார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஆசிலோஸ்கோப் படங்களுடன் வெளியிட்டார்கள். எல்லோரும் ஒழுங்காக இருப்பதாக நம்பிக்கொண்டிருந்த ஒரு பாகத்தை உட்கார்ந்து உற்றுப் பார்த்த வேலை அது. "ஃபிளிப்ஃப்ளாப் தயங்குகிறதா என்று பார்க்கப் பணம் வேண்டும்" என்று விண்ணப்பம் போட்டால் இன்று எத்தனை குழுக்கள் சிரிக்காமல் படிக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

நல்ல செய்தி, பூனை வெகுநேரம் மதிலில் இருக்காது. அது இன்னும் குதிக்காமல் இருப்பதற்கான வாய்ப்பு நேரம் போகப் போக அடுக்குக்குறியில் சரிகிறது. சில்லுக்கென்று ஒரு கால அளவு உண்டு. அது 50 பிகோ நொடி என்று கொண்டால், ஒவ்வொரு 50 பிகோவுக்கும் வாய்ப்பு 2.7-ஆல் வகுபடும். 20 நானோ நொடியில் அப்படி 400 முறை வகுக்கலாம். கிடைப்பது தசமப் புள்ளிக்குப் பின் 170-க்கும் மேற்பட்ட பூஜ்யங்கள். கம்பியிலும் கேட்டிலும் கொஞ்ச நேரம் கழிந்தாலும் கவலையில்லை. ஆகவே காவலாள் சொன்னதை உடனே நம்பாமல், இன்னொரு ஃபிளிப்ஃப்ளாப்பை வைத்து ஒரு கிளாக் காத்திருந்து வாங்கிக்கொள்கிறோம். மூன்றாவதுதான் நம்முடைய பழைய செய்தி. சுற்றை எழுதும் வெரிலாக் மொழியில்:

```verilog
reg s1, s2, s3;
always @(posedge clk) begin
  s1 <= btn;
  s2 <= s1;
  s3 <= s2;
end
wire pulse = s2 & ~s3;
```

அதே 93-வது நானோ நொடி அழுத்தத்தை இதில் ஓட்டிப் பார்ப்போம். ஒவ்வொரு கிளாக் ஏற்றத்துக்குச் சற்றுப் பின் இருக்கும் நிலை இது:

```
ns    btn  s1  s2  s3  pulse
 80    0    0   0   0    0
100    1    1   0   0    0
120    1    1   1   0    1
140    1    1   1   1    0
160    1    1   1   1    0
```

எனக்கு மிகவும் பிடித்தது 120-க்கும் 140-க்கும் இடையில் இருக்கும் அந்த ஒற்றை 1. அதைத் தொடங்கி வைப்பது `s2`, முடித்து வைப்பது `s3`. இரண்டும் கிளாக் ஏறும்போது மட்டுமே அசைபவை. பல்ஸின் இரண்டு கரையையும் கிளாக்கே வெட்டுவதால் அகலம் 20 நானோ நொடிதான், விரல் ஒரு நொடி அழுத்தினாலும் ஒரு மணி நேரம் அழுத்தினாலும். கவுன்டர் அதை 140-இல் ஒரு முறை பார்க்கிறது. 160-இல் பார்க்கும்போது பல்ஸ் இல்லை. விரல் 99.9-இல் அழுத்தி `s1` குழம்பினால்? 100-இல் பிடிக்கலாம், தவறினால் 120-இல் பிடிக்கும். பல்ஸ் ஒரு கிளாக் தள்ளி வரலாம். ஆனால் அரைப் பல்ஸ் வராது, இரட்டைப் பல்ஸும் வராது.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. உள்ளீடு ஒரு கிளாக் காலத்தைவிடக் கொஞ்சமாவது அதிக நேரம் 1-இல் இருக்க வேண்டும். இரண்டு கிளாக்குகளுக்கு நடுவில் எழுந்து இறங்கிவிட்டால் யாரும் பார்க்கப் போவதில்லை. பட்டனுக்கு இந்தக் கவலை கிடையாது, அதன் கவலை வேறு. அழுத்தியதும் உலோகத் தகடுகள் சில மில்லி நொடிகளுக்குத் துள்ளும். 5 மில்லி நொடித் துள்ளல் என்பது 2,50,000 கிளாக். ஒவ்வொரு துள்ளலும் நம் சுற்றுக்கு நியாயமான ஏறும் விளிம்புதான், ஆகவே ஓர் அழுத்தத்துக்கு ஏழெட்டுப் பல்ஸ்கூட வரலாம். சுற்று தப்பு செய்யவில்லை, பட்டன்தான் அத்தனை முறை அழுந்தியது. `s2`-க்குப் பிறகு, 10 மில்லி நொடி மாறாமல் இருந்தால்தான் நம்புவேன் என்று ஒரு 19 பிட் கவுன்டரை வைத்துவிட்டு, அது தரும் நிலையில் விளிம்பைத் தேடினால் சரியாகிவிடும்.

நிரலில் ஒரு பொறி இருக்கிறது. `<=` போட வேண்டிய இடத்தில் `=` போட்டால், வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து, `btn`-இன் மதிப்பு ஒரே கிளாக்கில் மூன்றையும் தாண்டி ஓடிவிடும். `s2`, `s3` எப்போதும் ஒன்றே. பல்ஸ் எந்தக் காலத்திலும் வராது. பட்டன் செத்துப்போன மாதிரி இருந்தால் முதலில் அந்தக் குறியைப் பாருங்கள்.

இதை வேறொரு போர்டில் போட்டுப் பார்த்த இன்னொரு வாசகரின் கடிதமும் வந்துவிட்டது: "ஒன்றுதான் கூடுகிறது. ஆனால் அழுத்தும்போது கூடவில்லை, விடும்போதுதான் கூடுகிறது. ரீசெட் செய்தால் தொடாமலே 1 காட்டுகிறது." இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அவருடைய போர்டில் பட்டன் சும்மா இருக்கும்போது 1, அழுத்தினால் 0. ஏறும் விளிம்பு வருவது விரலை எடுக்கும்போதுதான். ரீசெட்டில் மூன்று ஃபிளிப்ஃப்ளாப்பும் 0 ஆகின்றன, ரீசெட் விலகியதும் சும்மா இருக்கும் 1 உள்ளே நுழைகிறது. சுற்றுக்கு அது யாரோ அழுத்திய மாதிரி. முதல் வரியை `s1 <= ~btn;` என்று மாற்றச் சொல்லியிருக்கிறேன்.