சிப்ஸ் பாக்கெட்டுக்குள் எவ்வளவு எண்ணெய்?

வேலூர், காட்பாடிப் பக்கம் இன்டர்வெல் மணி அடித்ததும் பிள்ளைகள் கை நீளுவது பெரும்பாலும் சிப்ஸ் பாக்கெட்டுக்குத்தான். அதனால் பெற்றோர்களாகிய உங்களிடம் கேன்டீனில் இருக்கும் எல்லாப் பண்டத்துக்கும் கணக்கு ஒப்பிக்காமல், அந்த ஒரு பாக்கெட்டை மட்டும் பிரித்துப் பார்க்கிறேன்.

25 கிராம் உருளைக்கிழங்கு சிப்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதற்குச் சுமார் 80 கிராம் பச்சைக் கிழங்கு, அதாவது ஒரு சின்னக் கிழங்கு வேண்டும். கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு வெறும் தண்ணீர்தான். எனவே அதையே வேகவைத்துக் கொடுத்தால் 60 கலோரிதான் வரும். (நாம் பேச்சில் கலோரி என்பது பாக்கெட்டில் கிலோ கலோரி என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.) சிப்ஸ் ஆனபின் அதே கிழங்கில் 135 கலோரி. கூடுதலாக வந்த 75-ம் எண்ணெயின் கணக்கு. ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ 4 கலோரி தரும், கொழுப்பு 9 தரும். சிப்ஸின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். 25 கிராமில் எட்டரை கிராம், கிட்டத்தட்ட இரண்டு டீஸ்பூன். கையில் ஒட்டுவது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் உள்ளே இருக்கிறது.

அது எப்படி உள்ளே போகிறது? வாணலியில் போட்டதும் சலசலவென்று குமிழி வருகிறதே, அது கிழங்கிலிருந்து ஆவியாகி வெளியேறும் தண்ணீர். ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெயால் எளிதில் உள்ளே நுழைய முடியாது. பெரும்பகுதி நுழைவது வாணலியிலிருந்து எடுத்த பிறகு. துண்டு ஆறும்போது உள்ளே மிஞ்சிய ஆவி சுருங்குகிறது, மேலே படிந்த எண்ணெயைத் துளைகள் உறிஞ்சிக்கொள்கின்றன. ஆகவே வடிக்க வேண்டியது எடுத்த அந்த நிமிஷத்தில், சூடாக இருக்கும்போது. ஆறிய பிறகு பேப்பரில் வைத்து ஒற்றினால் மேலே இருப்பது மட்டும்தான் வரும். பல முறை காய்ந்த எண்ணெய் கெட்டியாகி அதிகமாக ஒட்டும் என்பதால் உள்ளே போவதும் கூடும்.

எண்ணெய் தங்குவது முக்கியமாக மேல்தோலை ஒட்டித்தான். மெல்லிய சிப்ஸில் எல்லாமே மேல்தோல்! உருளைக்கிழங்கு போண்டாவுக்கு வெளியே ஒரு மாவுப் போர்வை, உள்ளே ஈரம் குறையாத மசாலா. எடைக்கு எடை பார்த்தால் சிப்ஸைவிட போண்டாவில் கலோரி பாதிக்கும் குறைவாகவே இருக்கும். எண்ணெய்ப் பலகாரம் என்று போண்டாவைத் திட்டிவிட்டு, பளபள பாக்கெட்டை வாங்கிக் கொடுக்கும் வீடுகள் நிறைய. ஆனால் போண்டாவை யாரும் 25 கிராமோடு நிறுத்துவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் கடலை மிட்டாய். 20 கிராம் துண்டில் 12 கிராம் வேர்க்கடலை, 8 கிராம் வெல்லம் என்று கொண்டால் 100 கலோரி வரும். எடைக்கு எடை இது சிப்ஸுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. வித்தியாசம் புரதத்தில்: இந்தத் துண்டில் 3 கிராம், அந்தச் சிப்ஸ் பாக்கெட்டில் 2 கிராம்கூட இல்லை. வெல்லம் என்பதால் கலோரி குறைந்துவிடாது, அது சர்க்கரையோடு ஏறக்குறைய சமம்தான். என் வீட்டுப் பிள்ளைக்கு எது என்றால் கடலை மிட்டாயைத்தான் கொடுப்பேன், ஒரு துண்டு.

நம்ம ஊர் வெயிலுக்கு மாம்பழ ஜூஸ் பாட்டிலைக் குறை சொல்ல மனசு வராது. ஆனாலும் 200 மில்லியில் பெரும்பாலும் 25 கிராம் சர்க்கரை, 100 கலோரி. குடித்தும் பசி அடங்காது, உடனே சிப்ஸும் கேட்பார்கள்.

கேன்டீனில் இவற்றைத் தடுத்தால் போதுமா? கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டிருக்கிறது. பெட்டிக்கடை அதைத் தாண்டி நாலு எட்டு தள்ளி இருந்தால் முடிந்தது கதை. எனவே லேபிளைப் படிப்பது நம் வேலை ஆகிறது.

படிக்கும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற எண். 50 கிராம் பாக்கெட்டில் அது 20 கிராமுக்கு மட்டும் போட்டிருக்கலாம். பையன் என்னவோ முழுப் பாக்கெட்டையும்தான் காலி செய்வான். அதனால் 100 கிராமுக்கு உள்ள எண்ணைப் பாருங்கள், பாக்கெட் எடையால் பெருக்கி 100-ஆல் வகுங்கள். 540 என்று இருந்தால் 50 கிராமுக்கு 270. இன்னொன்று, பக்கத்தில் இருக்கும் சதவீதம். அது ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் பெரியவருக்கான கணக்கு. 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்குச் சுமார் 1700 போதும். ஆக 270 கலோரி பாக்கெட், லேபிள் கணக்கில் 13.5 சதவீதம் என்றால் உங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிட்டத்தட்ட 16.