வடிவூட்டம்: சொல் விளக்கம்

விரிதாளில் ஒரு கலத்தின் பின்னணியைச் சாம்பல் நிறமாக்குவதையும், தலைப்பு எழுத்தைத் தடிப்பாக்குவதையும், நிரலின் அகலத்தைக் கூட்டிக் குறைப்பதையும் நாம் ஒரே சொல்லால் ‘ஃபார்மேட் செய்வது’ என்கிறோம். இதற்கு ஈடாகத் தமிழ்க் கணினி வழக்கில் உள்ள சொல் வடிவூட்டம். பிடிஎஃப் கோப்பிலிருந்த அட்டவணையை விரிதாளாக மாற்றியபின், அச்சில் அது மூலத்தைப் போலவே வருவதற்காக இவற்றையெல்லாம் மீண்டும் செய்வதை மறுவடிவூட்டம் எனலாம்.

ஃபார்மேட் என்னும் சொல்லின் வேர், ‘உருவாக்கப்பட்டது’ எனப் பொருள்படும் ஃபோர்மாத்துஸ் என்ற இலத்தீன் சொல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, அது அச்சுத் தொழிலில் புத்தகத்தின் அளவையும் உருவத்தையும் குறித்தது. கணினிக்கு வந்தபின் அதன் பொருள்கள் பெருகின. கைப்பேசியை ஃபார்மேட் செய்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், அதிலிருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டார் என்று புரிந்துகொள்கிறோம். எந்த ஃபார்மேட்டில் அனுப்ப வேண்டும் என்று கேட்டால், அது கோப்பின் வகையைப் பற்றிய கேள்வி. விரிதாளில் நமக்கு வேண்டியது இவ்விரண்டும் அல்ல.

வடிவமைப்பு என்ற சொல்லையும் சிலர் இந்த இடத்தில் ஆள்கிறார்கள். ஆனால் இல்லாத ஒன்றைப் புதிதாகத் திட்டமிட்டு அமைப்பதற்கே அது பொருந்தும். ஊட்டுதல், ஏற்கெனவே இருக்கும் ஒன்றுக்கு வெளியிலிருந்து ஒரு தன்மையைச் சேர்ப்பது. வண்ணமூட்டுதல், மெருகூட்டுதல், உயிரூட்டுதல் ஆகியவை போல. கலத்திலிருக்கும் எண்ணோ பெயரோ மாறாமல், அதன் தோற்றம் மட்டும் மாறுவதால் வடிவூட்டம் என்பதே சரி என்பது என் கருத்து. அதேபோல் ஷேடிங் என்பதற்கு நிழலிடல் என்ற நேர்பெயர்ப்பைவிடப் பின்னணி நிறம் என்பதே எளிதில் விளங்கும். நிரை, நிரல் என்பவை பள்ளிக் கணிதத்தில் அணிகளைப் படித்த எவருக்கும் பழகிய சொற்கள்.

இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று அடுக்குகள் அடங்கியிருப்பதுதான் மாற்றிய அட்டவணையோடு மல்லுக்கட்டுபவர்களைக் குழப்புகிறது. பின்னணி நிறம், தடித்த எழுத்து, எண்ணும் தேதியும் காட்டப்படும் விதம் ஆகியவை கலத்துக்கு உரியவை. அகலம் எந்தக் கலத்துக்கும் உரியதன்று, முழு நிரலுக்கு உரியது. தாளளவு, ஓரம், சுருக்க விகிதம் ஆகியவை முழு ஏட்டுக்கு, அதாவது கோப்பிலுள்ள ஒரு பணித்தாளுக்கு, உரியவை. அதனால்தான் எக்செலில் ஒரு கலத்தைத் தேர்ந்து Format Painter தூரிகையால் இன்னொன்றில் தடவினால் நிறமும் தடிப்பும் வருகின்றன, அகலம் வருவதில்லை. நிரலின் தலையில் உள்ள எழுத்தைச் சொடுக்கி முழு நிரலையும் தேர்ந்தபின் தடவினால் அகலமும் சேர்ந்து வரும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஏ4 தாளில் நெடுக்காக அச்சிடப்பட்ட பொருள்பட்டியல் ஒன்றில் வரிசை எண், பொருள் விவரம், அலகு, அளவு, தொகை என ஐந்து நிரல்கள் உள்ளன. மூலத்தை முழு அளவில் அச்சிட்டு அளவுகோலால் அளந்தால் அவற்றின் அகலம் முறையே 1.5, 7, 2, 2.5, 3.5 செ.மீ. என்று வருகிறது, கூட்டினால் 16.5 செ.மீ. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ.; எக்செலின் வழக்கமான பக்க ஓரம் இருபுறமும் 1.78 செ.மீ. போக மீதி 17.44 செ.மீ. என்பதால் அட்டவணை சுருக்கமின்றி அடங்கிவிடும்.

பிடிஎஃபை விரிதாளாக மாற்றிய கருவி விட்டுச்சென்ற ஒன்றிணைந்த கலங்களையும் பலவித எழுத்துருக்களையும் நீக்க, Clear Formats கட்டளையை முதலில் கொடுப்பது நல்லது. அப்போது தேதி நிரல் ஏதேனும் இருந்தால், 1-4-2024 என்றிருந்த இடத்தில் 45383 என்று தெரியும். தரவு கெட்டுவிடவில்லை, விரிதாள் தேதியை நாள்களின் எண்ணிக்கையாகவே வைத்திருக்கிறது, அதைத் தேதியாகக் காட்டியது வடிவூட்டமே. தேதி வடிவூட்டத்தை மறுபடி கொடுத்தால் அது பழையபடி தெரியும். இந்தக் கட்டளை நிரல் அகலத்தைத் தொடுவதில்லை என்பதையும் கவனிக்கலாம்.

அடுத்து அகலம். எக்செலின் இயல்பான காட்சியில் அகலப் பெட்டி கேட்பது செ.மீ. அன்று, கோப்பின் அடிப்படை எழுத்துருவில் எத்தனை இலக்கங்கள் அந்த நிரலில் அடங்கும் என்ற எண்ணிக்கையை. காலிப்ரி 11 எழுத்துருவில் ஓர் இலக்கம் 7 படப்புள்ளி அகலம் கொண்டது, விளிம்புக்கு 5 புள்ளி கூடுதல். 7 செ.மீ. என்பது ஏறத்தாழ 265 புள்ளி. ஐந்தைக் கழித்து ஏழால் வகுத்தால் 37.14. அடிப்படை எழுத்துரு வேறாக இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. இந்தச் சுற்றுவழி வேண்டாமென்றால் View பட்டியில் Page Layout காட்சிக்கு மாறினால் போதும். அங்கே அதே பெட்டி, அளவுகோலுக்கு நாம் தேர்ந்த அலகிலேயே, அதாவது செ.மீ. அல்லது அங்குலத்தில், அகலத்தை ஏற்றுக்கொள்ளும். லிபர்ஆபிஸ் கால்க்கில் நேரடியாகவே செ.மீ. தரலாம்.

தலைப்பைத் தடிப்பாக்குவதற்குமுன் தலைப்பு நிரைக்கு லதா, நிர்மலா போன்ற ஒரு தமிழ் எழுத்துருவைத் தெளிவாகக் குறித்துவிட வேண்டும். காலிப்ரியில் தமிழ் எழுத்துகள் இல்லாததால், எதையும் குறிக்காவிட்டால் கணினி தானாக வேறொன்றை எடுத்துக்கொள்ளும், வேறு கணினியில் வேறு தோற்றம் வரும். தடித்த எழுத்து கூடுதல் இடம் கேட்பதால் ‘பொருள் விவரம்’ அடங்கினாலும் ‘வரிசை எண்’ 1.5 செ.மீ. நிரலில் அடங்காது, அகலத்தைக் கூட்டாமல் Wrap Text கொடுத்து இரண்டு வரியாக மடிப்பதே மூலத்துக்கு நெருக்கமாக இருக்கும். தொகை நிரலில் இலக்கங்களுக்குப் பதிலாக #### தெரிந்தால், எண்ணைவிட நிரல் குறுகலாகிவிட்டது என்று பொருள்.

தலைப்பின் வெளிர்சாம்பல் பின்னணிக்கு D9D9D9 என்னும் நிறக்குறி பெரும்பாலும் ஒத்துப்போகும். உள்நிரைகள் ஒன்றுவிட்டு ஒன்று நிறமிடப்பட்டிருந்தால் அவற்றைக் கையால் நிறமிடக் கூடாது. பட்டியலை அகரவரிசைப்படுத்தினால் நிறமும் நிரையோடு நகர்ந்து, இரண்டு சாம்பல் நிரைகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். Conditional Formatting வழியாக இந்த விதியைக் கொடுத்தால் நிறம் இடத்தில் நிற்கும்:

```
=MOD(ROW(),2)=0
```

திரையில் தெரிந்த நிறம் அச்சில் வராமல் போனால் அச்சுப்பொறியைக் குறை சொல்வதற்குமுன் Page Setup பெட்டியின் Sheet பகுதியைப் பார்க்க வேண்டும். அங்கே Black and white என்ற கட்டத்தில் குறி இருந்தால் எக்செல் எல்லாப் பின்னணி நிறங்களையும் விட்டுவிட்டு அச்சிடும். கட்டக் கோடுகளும் தாமாக அச்சில் வருவதில்லை. மூலத்தில் கோடுகள் இருந்தால் எல்லைக்கோடாக அவற்றை வரைய வேண்டும்.

கடைசி அடுக்கு ஏட்டுக்கு உரியது. அப்படி மாற்றும் கருவிகள் சில, தாளளவை லெட்டர் என்று வைத்துவிடுகின்றன. அது ஏ4-ஐவிடச் சற்று அகலமாகவும் 1.76 செ.மீ. குட்டையாகவும் இருப்பதால், மூலத்தில் ஒரு பக்கத்தில் நின்ற கடைசி நிரைகள் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளப்படும். அதைச் சரிசெய்ய Fit to 1 page வைப்பவர்கள் உண்டு. அதனால் பக்கம் அடங்கும், ஆனால் அளந்து கொடுத்த செ.மீ. அளவுகளெல்லாம் சுருங்கிவிடும். தாளை ஏ4 ஆக்கிவிட்டு விகிதத்தை 100% என்று விடுவதே முறை. பல பக்கம் நீளும் பட்டியலென்றால் Rows to repeat at top என்ற இடத்தில் $1:$1 என்று கொடுத்தால், தலைப்பு நிரை அதன் நிறத்தோடும் தடிப்போடும் ஒவ்வொரு பக்கத்திலும் வரும்.