பாதி நல்ல மணல் கலந்தால் பாதி சரியாகுமா?

தொண்டிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஊருணித் தண்ணீரை வடிகட்டும் தொட்டியில் மணல் மாற்றியிருக்கிறார்கள். பழைய ஆற்று மணல் தேய்ந்து குறைந்துவிட்டது, புதிதாக வாங்கினால் விலை அதிகம். அதனால் கரையிலேயே மணல் அள்ளி, உப்புப் போக நாலைந்து தண்ணீர் கழுவிக் கொட்டினார்கள். முன்பு மணிக்கு 10,000 லிட்டர் கொடுத்த தொட்டி இப்போது 6,000-ஐத் தொடவே திணறுகிறது. "மணல் சுத்தமாத்தான் இருக்கு அண்ணே. கரிநாளில் திறந்ததால் இப்படி என்று ஊரில் பேசுகிறார்கள். பாதி மணலை எடுத்துவிட்டு ஆற்று மணல் கலந்தால் சரியாகுமா?" என்பது அவர் கேள்வி.

கரிநாளை விட்டுவிடுவோம், அது மணலின் அளவை மாற்றாது. அவர் சொன்ன கணக்கு இது: தொட்டியின் பரப்பு 2 சதுர மீட்டர், மணல் ஆழம் 60 செ.மீ., மேலே நிற்கும் தண்ணீருக்கும் வெளியேறும் மட்டத்துக்கும் வித்தியாசம் 1 மீட்டர். இந்த ஒரு மீட்டர் உயரம்தான் தண்ணீரை மணலுக்குள் தள்ளுகிற விசை.

மணலுக்குள் தண்ணீர் போகும்போது அழுத்தம் ஏன் குறைகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். குறுகிய வழி, உராய்வு. எவ்வளவு குறைகிறது என்பதைத்தான் சுவாரசியமாகப் பார்க்கவேண்டும்.

ஒரு கேள்வியில் தொடங்கலாம். ஒரு தம்ளர் நிறைய கோலிக்குண்டு, இன்னொரு தம்ளர் நிறைய கடுகு. எதில் காலி இடம் அதிகம்? கோலிக்குண்டில் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் தம்ளர் போதுமான அளவு பெரிதாக இருந்தால் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், பத்தில் நான்கு பங்கு. ஒரே அளவுள்ள உருண்டைகளை எவ்வளவு சிறிதாக்கினாலும் காலி இடத்தின் பங்கு மாறுவதில்லை. இந்தப் பங்குக்குப் புரைமை என்று பெயர்.

அப்படியானால் சன்னமான மணலில் தண்ணீர் ஏன் திணறுகிறது? காலி இடம் அதேதான், சுவர்தான் கூடிவிடுகிறது. ஒரு மணியின் விட்டத்தை மூன்றில் ஒன்றாக்கினால், அதே கனஅளவில் மணிகளின் மொத்த மேற்பரப்பு மூன்று மடங்காகும். தண்ணீர் ஒட்டி உராய்கிற சுவர் அந்த மேற்பரப்புதான். காலி இடத்தைச் சுவரின் பரப்பால் வகுத்தால் ஒரு சராசரி இடுக்கின் அகலம் கிடைக்கும். அது மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. மெல்லிய குழாயில் அதே வேகத்தில் தண்ணீர் ஓட வேண்டுமானால், அகலம் குறையக் குறைய அதன் வர்க்கத்தில் அழுத்தம் கூட்டவேண்டும் என்பது பள்ளியில் படித்ததுதான். ஆக மூன்றில் ஒன்று அகலத்துக்கு ஒன்பது மடங்கு அழுத்தம்.

புரைமை இதைவிடக் கடுமையானது. அது குறைந்தால் காலி இடம் குறைகிறது, மணிகள் நெருங்குவதால் சுவரும் கூடுகிறது, இரண்டும் சேர்ந்து இடுக்கைச் சுருக்குகின்றன. போதாததற்கு, அதே அளவு தண்ணீர் குறைந்த இடத்தில் புகுந்து போகவேண்டியிருப்பதால் வேகமும் கூடுகிறது. இடுக்கின் அகலத்திலிருந்து புரைமை இரண்டு முறை, வேகத்திலிருந்து ஒரு முறை, ஆக மொத்தம் மூன்று முறை வகுக்கிறது. கோசெனி 1927-லும் கார்மன் 1937-லும் கட்டிய சமன்பாடு இதைத்தான் சொல்கிறது. இதில் புரைமையின் கனம், அதாவது மூன்றாம் அடுக்கு, எங்கிருந்து வருகிறது என்று புரிந்த நாளில் எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் போகவில்லை.

```
ΔP/L = 180 μ v (1−ε)² / (ε³ d²)
```

ΔP அழுத்த இழப்பு, L மணலின் ஆழம், ε புரைமை, d மணியின் விட்டம், v தொட்டிப் பரப்பால் வகுத்த ஓட்டம், μ தண்ணீரின் பாகுநிலை. 180 என்பது 36-ஐ 5-ஆல் பெருக்கியது, 36 வடிவியலிலிருந்து வருவது, 5 சோதனையில் கிடைத்தது.

இப்போது அவர் தொட்டிக்கு வருவோம். பழைய ஆற்று மணல் 0.6 மி.மீ., புரைமை 0.40 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 10,000 லிட்டர் என்றால் வேகம் மணிக்கு 5 மீட்டர். 30 டிகிரித் தண்ணீருக்குக் கணக்குப் போட்டால் 19 செ.மீ. உயரம்தான் செலவாகிறது. ஒரு மீட்டரில் மீதி 81 செ.மீ., சேறு படியப் படியச் செலவழிக்க இருக்கிறது. கரை மணல் 0.2 மி.மீ. என்றால் ஒன்பது மடங்கு, 171 செ.மீ. வேண்டும். கையில் இருப்பது 100. ஓட்டமும் உயரமும் நேர்விகிதம் என்பது 1856-லேயே டார்சி கண்டது, ஆகவே கிடைப்பது ஏறக்குறைய 5,800 லிட்டர். அவர் சொன்ன 6,000-க்கு மிக அருகில். (இந்த வேகத்தில் சுழல் ஏதும் பெரிதாக இல்லை, நேர்விகிதம் செல்லும். சரளைக்கல்லில் வேகமாகப் பாய்ச்சினால் செல்லாது.)

சரி, பாதி ஆற்று மணல் கலந்தால்? சராசரி 0.4 மி.மீ. என்று போட்டுவிடத் தோன்றும். அங்கேதான் தவறு. சராசரி எடுக்கவேண்டியது மேற்பரப்பில், சின்ன மணிதான் மேற்பரப்பை ஆளுகிறது. எடையில் பாதிக்குப் பாதி கலவைக்குச் சரியான அளவு 0.3 மி.மீ. இத்தோடு நின்றால் பழைய மணலைவிட நாலு மடங்குதான். ஆனால் பெரிய மணிகளின் இடுக்கில் சின்ன மணிகள் போய் உட்கார்ந்துகொள்ளும், புரைமை குறையும். 0.40 என்பது 0.35 ஆனால் அந்த ஒன்று மட்டுமே 1.75 மடங்கு. நாலும் 1.75-ம் பெருக்கினால் ஏழு. முழுக்கக் கரை மணல் என்றால் ஒன்பது மடங்கு, பாதி நல்ல மணல் கலந்தால் ஏழு மடங்கு! 133 செ.மீ. கேட்கும், 7,500 லிட்டர் கிடைக்கும், சேறு படிய ஒரு செ.மீ.கூட மீதியில்லை. கலக்காமல் அடுக்கடுக்காகப் போட்டால்கூட ஐந்து மடங்கு, 95 செ.மீ.தான்.

இதையெல்லாம் நம்புவதற்கு முன் அவர் தொட்டியிலேயே ஒன்றைப் பார்க்கலாம். பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடத்தில் சின்னத் துளையிட்டு, உள்பக்கம் வலைத்துணி கட்டி, கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிந்த டியூபைச் செருகி நிறுத்தவேண்டும். தண்ணீர் ஓடும்போது ஒவ்வொரு டியூபிலும் மட்டம் சீராக இறங்கினால் குற்றம் மணலில். முதல் டியூபுக்கு மேலேயே தடாலென்று இறங்கி, கீழே ஒரே மட்டமாக நின்றால் குற்றம் மேலே படிந்த சேற்றில், சுரண்டி எடுத்தால் போதும்.

புரைமையையும் அளக்கலாம். ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் வைத்து, காற்று சிக்காமல் மணலைக் கொட்டி, விளிம்பு வரை நிரப்பவேண்டும். பிறகு மணலைக் காயவைத்தால் எவ்வளவு தண்ணீர் போனதோ அதுவே புரைமை. 400 கிராம் போனால் 0.40. சிப்பித் துண்டு நிறைய இருந்தால் கணக்கு இன்னும் கெடும், தட்டையும் முனையுமான துண்டுகளுக்குச் சுவர் அதிகம். மணலில் வினிகர் விட்டால் நுரைக்கிறதா என்று பாருங்கள்.

மணலைப் பிரிக்க ஒரு செட் சல்லடை வாங்க நிதி இல்லை என்கிறார்கள் பல இடங்களில். திறப்புவிழாப் பந்தலுக்கு மட்டும் எப்படியோ கிடைத்துவிடுகிறது.

ஆனாலும் கரை மணல் வீணான மணல் இல்லை. வேகத்தைக் குறைத்தால் 0.2 மி.மீ. மணல் நன்றாகவே வேலை செய்யும், மெதுவாக வடிகட்டும் தொட்டிகளுக்கு அந்த அளவுதான் பொருத்தம். மணிக்கு 0.1 மீட்டர் வேகத்தில் அதே 60 செ.மீ. மணலுக்கு மூன்றரை செ.மீ.கூட ஆகாது. அவர் ஊருக்கு நாளுக்கு 40,000 லிட்டர் போதுமென்றால், இரவும் பகலும் விடாமல் ஓடும்படி 17 சதுர மீட்டர் தொட்டி கட்டவேண்டும். ஒரு சின்ன வீட்டுக் கூடத்தின் அளவு. அது முடியாதென்றால், கரை மணலை முழுக்க அள்ளிவிட்டு, 0.5-க்கும் 0.7-க்கும் இடைப்பட்டதாகச் சலித்த ஆற்று மணல் 1.2 கனமீட்டர் போடட்டும்.