குரங்கு ஏன் உங்கள் மாடிக்கே திரும்பத் திரும்ப வருகிறது?

கடலூரில் திருவந்திபுரம் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் குரங்கு புதிதல்ல. ஔஷதகிரி மலைப்படிகளில் பக்தர்கள் கையிலிருந்து தேங்காய் மூடி வாங்கிப் பழகியவை அவை. நான் அங்கே குடிவந்த முதல் சித்திரையில் மாடியில் காயப்போட்ட கூழ் வடகம் முழுக்கப் போனது. அடுத்த வாரம் சமையலறை ஜன்னல் வழியாகக் கை நீட்டி வாழைப்பழச் சீப்பை இழுத்துக்கொண்டு போயின. கம்பை எடுத்துக்கொண்டு நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நம் ஊரில் வருவது நாட்டுக் குரங்கு. அதன் இரண்டு கன்னத்திலும் உட்புறமாகப் பை இருக்கிறது. ஏறக்குறைய இரைப்பையில் கொள்ளும் அளவு உணவை அதில் அடைத்துக்கொள்ள முடியும். அதனால் அது உங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதில்லை. சில நொடிகளில் அள்ளித் திணித்துக்கொண்டு, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் போய் நிதானமாக மெல்லும். அது வந்த பிறகு விரட்டினால், விரட்டு வாங்குவது ஏற்கெனவே பை நிரம்பிய குரங்குதான். அதன் கணக்கில் அந்த வருகை லாபம்.

பத்து தடவை வந்து ஒரே ஒரு தடவை பழம் கிடைத்தாலும் அது வருவதை விடாது. தினமும் தவறாமல் கிடைத்த தீனி நின்றுபோனால் விலங்கு சீக்கிரம் புரிந்துகொள்ளும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் கிடைத்தது நின்றால், நின்றதை உணரவே வெகுநாள் ஆகும். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் எலியையும் புறாவையும் வைத்துக் காட்டிய விஷயம் இது. ஆறு நாள் ஜன்னலைச் சாத்தி ஏழாம் நாள் மறக்கும் வீடு, குரங்குக்கு விடாமுயற்சியைப் பழக்குகிறது.

ஆகவே நான் முதலில் கைவைத்தது ஜன்னலில்தான். சாதாரண கிரில் கம்பிகளுக்கு நடுவே குட்டி நுழைந்துவிடும், பெரியது கை விடும். உள்பக்கம் அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்ஷைச் சட்டம் போட்டுத் திருகினேன். கொசுவலை மட்டும் போதாது, நகத்தால் கிழித்துவிடும். டேங்க் மூடியைக் கம்பியால் முறுக்கிக் கட்டினேன். குப்பை வாளியை வீட்டுக்குள் வைத்து, வண்டி வரும் நேரத்தில் மட்டும் வெளியே எடுத்தேன். வடகத்துக்கு, பழைய கட்டில் சட்டத்தில் அதே மெஷ்ஷை அடித்து, பாயிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கும்படி நான்கு பக்கமும் மறைத்துக் கவிழ்த்தேன். சட்டத்தைத் தூக்கிவிடாமல் மூலைக்கு ஒரு செங்கல்.

முதல் வாரம் நிலைமை மோசமானது. மெஷ்ஷைப் பிடித்து உலுக்கின, டேங்க் மூடியைத் தட்டின, முன்பு வராத கொல்லைக் கதவு வரை வந்து பார்த்தன. பலர் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப்போகிறார்கள். கிடைத்துக்கொண்டிருந்தது திடீரென்று நின்றால், விடுவதற்கு முன் விலங்கு ஒருமுறை அதிகமாக முட்டிப் பார்ப்பதுண்டு. அந்த நாட்களில் பாவம் என்று ஒரு பழத்தை எறிந்தால், இன்னும் பலமாக உலுக்கினால் கிடைக்கும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். பன்னிரண்டாம் நாள் நானே மாடிப்படியில் தேங்காய் மூடியை வைத்து மறந்தேன். மறுநாள் முழுக் கூட்டமும் வந்தது.

பலன் தெரிகிறதா என்று பார்க்க, எத்தனை தடவை வருகிறது என்று எண்ணாதீர்கள், எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பாருங்கள். என் மாடியில் வருகை குறையும் முன்பே தங்கும் நேரம் குறைந்தது. அரை மணி உட்கார்ந்திருந்தவை, மூன்றாம் வாரத்தில் வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு முருங்கை வழியாக இறங்கிப் போயின.

அப்புறம், ரப்பர் பாம்பு, பொம்மைப் புலி, பட்டாசு. புதிதாக இருக்கும்வரை குரங்கு இவற்றைக் கண்டு பயப்படும். பாம்பு அசையாமல் ஒரே இடத்தில் கிடப்பதைச் சில நாட்களில் கண்டுகொள்ளும். குரங்கு வரும் வேளையில் மட்டும் வைத்து, உடனே எடுத்து, அடுத்த தடவை வேறு இடத்தில் வைத்தால் கொஞ்சம் நீடிக்கும். உணவை மூடாமல் இதை மட்டும் நம்புவது வீண். எனக்கு உதவியது தோட்டத்துக் குழாய்த் தண்ணீர்: மாடிச் சுவரில் கால் வைக்கும்போதே, எதையும் எடுக்கும் முன்பே பீய்ச்ச வேண்டும். மின்கம்பி கட்டுவது மனிதரையும் கொல்லும்.

நேருக்கு நேர் கண்ணைப் பார்ப்பது அவற்றுக்குச் சண்டைக்கு அழைப்பு. வாயைத் திறந்து முறைத்தால் பார்வையைத் தாழ்த்தி, பின்வாங்கி, வழி விடுங்கள். மூலையில் மாட்டிய குரங்கு கடிக்கும். கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள். குரங்கு வழியாகவும் ரேபிஸ் வரலாம்.

என் வீட்டு வடகம் இப்போது தப்பிக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா சனிக்கிழமைதோறும் ஆஞ்சநேயருக்கு என்று மாடிச் சுவரில் பழம் வைக்கிறார். அதனால் சனிக்கிழமை மட்டும் கூட்டம் என் மாடியையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போகிறது.