எலிக்குட்டியின் தொண்டையில் ஒரு விசில்

எலிக்குட்டிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினால் அது சிரிக்கும் என்கிறார்களே, உண்மைதானா, அப்படியானால் அந்தச் சிரிப்பு நம் காதில் ஏன் விழுவதில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அந்த ஒலி இருப்பது உண்மை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் யாக் பாங்க்செப்பும் அவருடைய மாணவர்களும் 1990களின் இறுதியில் இதை ஆராய்ந்தார்கள். விளையாடும் எலிக்குட்டிகள் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிடுவதை முன்பே கவனித்திருந்த அவர்கள், குட்டிகளின் பிடரியிலும் வயிற்றிலும் விரலால் கிச்சுக்கிச்சு மூட்டியபோது அதே கீச்சொலி இன்னும் மிகுதியாக எழுவதைக் கண்டார்கள். மனிதச் செவியின் எல்லை ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் என்பதால், வௌவால்களின் ஒலியைக் கேட்கப் பயன்படும் கருவியின் துணையால்தான் அவர்களால் அதைக் கேட்க முடிந்தது.

நாம் பேசும்போது குரல்நாண்கள் அதிர்ந்து ஒலி எழுப்புகின்றன. வலியால் எலி கிறீச்சிடும் ஒலியும், நம் காதுக்குக் கேட்பது, அவ்வாறே பிறக்கிறது. ஆனால் 50 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு ஐம்பதாயிரம் அதிர்வுகள். எலி அதை நாண்களை அதிரவைத்து உண்டாக்குவதில்லை, குரல்வளைக்குள்ளேயே விசிலடிக்கிறது. 1975-ல் ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளர் இதை அறிந்த வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஹீலியம் கலந்த காற்றைக் கொறிவிலங்குகள் சுவாசிக்கும்படி செய்து, அவற்றின் ஒலியை அவர் பதிவு செய்தார். நாண்கள் அதிரும் வேகத்தை அவற்றின் எடையும் இறுக்கமும்தான் தீர்மானிக்கின்றன என்பதால் வாயுவை மாற்றினாலும் அது பெரிதாக மாறாது. விசிலின் சுருதியோ வாயுவில் ஒலி செல்லும் வேகத்தைச் சார்ந்தது. ஹீலியத்தில் ஒலி விரைந்து செல்லும். மீயொலிக் கீச்சுகளின் சுருதியும் அந்தக் கலவையில் உயர்ந்தது.

விசில் பிறக்கும் விதத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். எலி தன் குரல்நாண்களை நெருக்கிப் பிடித்து, இடையே மிகச் சிறிய திறப்பை மட்டும் விடுகிறது. நுரையீரலிலிருந்து வரும் மூச்சு அத்திறப்பின் வழியே மெல்லிய தாரையாகப் பீய்ச்சி, எதிரே குரல்வளையின் திசுப் பரப்பில் மோதுகிறது. புல்லாங்குழலின் துளை விளிம்பில் ஊதும் காற்றைப் போலவே அந்தத் தாரையும் மோதும் இடத்தில் நிலைகொள்ளாமல் அலைபாய்கிறது. மோதலில் எழும் அழுத்த அதிர்ச்சி ஒலியின் வேகத்தில் திறப்புக்குத் திரும்பி வந்து, அப்போது புறப்படும் காற்றை மறுபடியும் கலைக்கிறது. கலைந்த காற்று மோதி அடுத்த அதிர்ச்சியை அனுப்புகிறது. இச்சுற்று ஒருமுறை முடிய எவ்வளவு நேரம் ஆகிறதோ அதுவே சுருதியைத் தீர்மானிக்கிறது. 50 கிலோஹெர்ட்ஸ் எழ வேண்டுமானால் ஒரு சுற்றுக்கு நொடியின் பத்து லட்சத்தில் 20 பங்குதான் கிடைக்கும். அந்த நேரத்தில் ஒலி ஏறத்தாழ 7 மில்லிமீட்டரே கடக்கும். காற்றுத்தாரை அதைவிடக் குறைவாகவே கடக்கும். எனவே இத்தகைய சுருதி எழுவதற்குத் திறப்பும் மோதும் பரப்பும் மிக நெருங்கியிருக்க வேண்டும், எலியின் சின்னஞ்சிறு குரல்வளையில் அது இயல்பாகவே அமைந்துவிடுகிறது. தாரை சரியாக எந்தப் பரப்பில் மோதுகிறது, கூரிய விளிம்பிலா அல்லது சுவரிலா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

விளையாட்டில் இக்கீச்சு எதற்கு? எலிக்குட்டிகள் ஒன்றன் பிடரியை மற்றொன்று மூக்கால் தொடுவதற்காகப் பாய்ந்து மல்லுக்கட்டுகின்றன. பார்ப்பதற்குச் சண்டையாகவே தெரியும் இந்த விளையாட்டு, பகையாக முற்றிவிடும் ஆபத்தும் கொண்டது. கனடாவில் செர்ஜியோ பெல்லிஸும் உடனிருந்தவர்களும் மேற்கொண்ட ஆய்வில், அறிமுகமில்லாத வளர்ந்த ஆண் எலிகளில் ஒன்று கீச்சிட முடியாததாக இருந்தபோது, விளையாட்டு உண்மையான சண்டையாக முற்றுவது அதிகரித்தது. அதாவது கீச்சொலி மகிழ்ச்சியின் வெளிப்பாடாக மட்டும் இல்லாமல், எதிராளியின் பதற்றத்தைத் தணிக்கவும் பயன்படுகிறது.

கீச்சு தொடுகைக்கு எழும் வெறும் அனிச்சைச் செயல் அல்ல என்பதை பெர்லினில் ஷிம்பெய் இஷியாமாவும் மிக்கேல் பிரெக்டும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. உடலின் நடுப்பகுதித் தொடுகையை உணரும் மூளைப் பகுதியின் நரம்பணுக்கள் கிச்சுக்கிச்சு மூட்டும்போது மட்டுமின்றி, எலி கையைத் துரத்தி விளையாடும்போதும் துடிப்பாக இயங்கின. எலியை உயரமான மேடையில் வெளிச்சத்தில் நிறுத்திக் கிச்சுக்கிச்சு மூட்டியபோதோ, விரல் படுவது அதேதான் என்றாலும் நரம்பணுக்களின் துடிப்பும் கீச்சுகளும் குறைந்தன. எலிக்கு அச்சமூட்டும் சூழலில் கிச்சுக்கிச்சு விளையாட்டாக அமைவதில்லை.

எனினும் 50 கிலோஹெர்ட்ஸ் பதிவானால் எலி சிரிக்கிறது என்று முடிவுகட்டுவது அவசரம் என்பதே என் கருத்து. துணையிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனித்திருக்கும் எலியும் அதே உயரத்தில் கீச்சிடும். ஆனால் அதன் கீச்சுகள் பெரும்பாலும் ஒரே சுருதியில் சமமாக நிற்கும், கிச்சுக்கிச்சின்போது எழுபவையோ ஏறி இறங்கி நடுங்கும். அச்சத்தில் எழுவது 22 கிலோஹெர்ட்ஸ் அளவிலான, நொடிக்கு மேலும் நீளக்கூடிய ஒலி. ஆகவே அதிர்வெண்ணை மட்டும் எண்ணாமல், ஒவ்வொரு கீச்சின் வடிவத்தையும் நீளத்தையும் ஒலிவரைபடத்தில் பிரித்துப் பார்த்த பிறகே அதை விளையாட்டின் கீச்சு என்று கணக்கில் சேர்க்க வேண்டும்.