ஏசியை 24-லிருந்து 26-க்கு மாற்றினால் எத்தனை யூனிட் மிச்சமாகும்?

ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏசி இழுக்கும் மின்சாரம் சுமார் 6 சதவீதம் குறையும் என்பார்கள். அப்படியானால் இரண்டு டிகிரிக்கு 12. தோராயத்துக்கு இது சரிதான். ஆனால் எல்லா நேரத்துக்கும் ஒரே கணக்கு பொருந்தாது.

சுவர், கூரை, ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வரும் வெப்பம், வெளிக்கும் உள்ளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. பகலில் வெளியே 38 டிகிரி என்றால் 24-க்கு வித்தியாசம் 14. 26 ஆக்கினால் 12. ஏழில் ஒரு பங்குதான் குறைகிறது. இரவில் வெளியே 30 என்றால் 6 என்பது 4 ஆகிவிடும், அதாவது மூன்றில் ஒரு பங்கு குறையும். அறையில் இருப்பவர்களின் உடல் சூடு, காற்றின் ஈரம், பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டைமாடி ஆகியவற்றால் வரும் சுமை இதனால் பெரிதாக மாறாது. அது மொத்தத்தில் பாதி என்று வைத்துக்கொண்டால், சுமை பகலில் 7 சதவீதமும் இரவில் 17 சதவீதமும் குறையும். கம்ப்ரசருக்கும் வேலை சற்று இலகுவாவதால் இன்னும் நான்கைந்து சதவீதம் சேரும். ஆக, பகலில் 12, இரவில் 20 சதவீதத்தை ஒட்டி வரும்.

இரவு எட்டு மணி நேரத்தில் 6 யூனிட் எடுக்கும் ஏசியில் இது சுமார் 1.2 யூனிட். 26-ல் புழுக்கமாக இருக்கிறதென்று சீலிங் ஃபேனைப் போடுவது நல்ல வழிதான், காற்று பட்டால் அந்த இரண்டு டிகிரி தெரியாது. ஆனால் 70 வாட் பழைய ஃபேன் முழு வேகத்தில் எட்டு மணி நேரம் ஓடினால் 0.56 யூனிட், மிச்சத்தில் ஏறக்குறைய பாதி அதற்கே போய்விடும். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் 0.24 யூனிட்தான். பழைய ஃபேனே இருந்தால் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போட்டு வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். சூடேறும் பழைய பெட்டி ரெகுலேட்டரில் வேகம் குறைந்தாலும் மின்சாரம் அந்த அளவுக்குக் குறையாது.

சில வீடுகளில் 24-லிருந்து 26 ஆக்கியும் பில் அசையாது. அறை 24-ஐத் தொட்டதே இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். ஃபில்டரில் தூசி அடைத்திருக்கும், கேஸ் குறைந்திருக்கும், அல்லது அறைக்கு டன் போதாது. 27-லேயே நின்றுவிடும் அறைக்கு ரிமோட்டில் 24 வைத்தாலும் 26 வைத்தாலும் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். இதைக் கண்டுபிடிக்க, ஒரு சாதாரண தெர்மாமீட்டரைக் கட்டில் பக்கத்தில், ஏசி காற்று நேராகப் படாத இடத்தில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் வைத்த அளவுக்கு மேல் இரண்டு மூன்று டிகிரி காட்டினால் முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள், அதற்குப் பிறகும் மாறாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில் வெளி யூனிட் நடுநடுவே நிற்கிறதா என்று காது கொடுத்தாலே போதும்.

வெளிச் சூடு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் அடுத்தடுத்த இரவுகளில், படுக்கும்போதும் எழுந்ததும் மீட்டரைக் குறித்து, ஒரு இரவு 24, மறு இரவு 26 என்று பாருங்கள். இரண்டு இரவும் ஃபிரிட்ஜ் முதலான மற்றவை ஒரே மாதிரி ஓடட்டும். ஃபேன் ஓடும் மின்சாரமும் அந்த மீட்டரிலேயே சேர்ந்துவிடுவதால், கிடைக்கும் வித்தியாசம்தான் உங்கள் அறையின் நிகர மிச்சம்.