ரேஷியோ டெசிடெண்டை: தீர்ப்புக்கு ஏதுவான விதி

"இந்தக் கேஸ்ட ரேஷியோ என்ன?" கொழும்பு புதுக்கடையில் சட்டம் படிக்கும் எவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. முழுச் சொல் ரேஷியோ டெசிடெண்டை. இலத்தீனில் ரேஷியோ என்றால் கணக்கு, காரணம், நியாயம். டெசிடெண்டை, 'தீர்மானித்தல்' என்று பொருள்படும் வினையிலிருந்து வருகிறது. அந்த வினையின் வேர் 'வெட்டி எடு' என்பது. தமிழிலும் கதை அதுதான்: அறு என்பதிலிருந்து அறுதி, அறுதியிலிருந்து அறுதியிடுதல். வழக்கை எந்த நியாயம் அறுதியிட்டதோ அதுவே ரேஷியோ.

தமிழில் இதைத் 'தீர்ப்புக் காரணம்' என்று எழுதுவோர் உண்டு. அந்தச் சொல் மாணவரை வழிதவற வைக்கும். தீர்ப்பொன்றில் காரணங்கள் பத்து இருக்கும். ஒரு சாட்சியை நம்பாததற்கான காரணமும் அதில் ஒன்று. ரேஷியோ அப்படியொன்றல்ல. அது அடுத்த வழக்கிலும் செல்லுபடியாகும் ஒரு விதி. ஆகவே 'தீர்ப்புக்கு ஏதுவான விதி' என்பதே பொருளை முழுதாகச் சொல்கிறது. சுருக்கம் வேண்டுமென்றால் 'தீர்ப்பு நியாயம்' போதும்.

அதன் எதிர்ச்சொல் ஒபிட்டர். நேர்ப்பொருள் 'வழியில்'. நாம் 'போகிற போக்கில் சொன்னது' என்போமே, அப்படியே அது. நீதியரசர் சொன்னதுதான், ஆனால் தீர்ப்பு அதன்மேல் நிற்கவில்லை. பிற்கால நீதிமன்றம் அதை மதிக்கலாம், கட்டுப்பட வேண்டியதில்லை.

சொல் விளங்கிவிட்டது, தீர்ப்புக்குள் அதைத் தேடுவதுதான் சிரமம். சிரியானி சில்வா எதிர் இத்தமல்கொட வழக்கை எடுத்துக்கொள்வோம். இது நமது உயர் நீதிமன்றத்துக்கு வந்த அடிப்படை உரிமை மனு. (இந்தியத் தமிழ் நூல்களில் உயர் நீதிமன்றம் என்றால் இங்கே மேல் நீதிமன்றம் எனப்படுவது. குறிப்பெடுக்கும்போது கவனம்.) பொலிஸ் காவலில் இருந்த ஒருவர் இறந்துபோகிறார். சித்திரவதையால் இறந்தார் என்று கூறி, மனைவி மனுச் செய்கிறார். எதிர்மனுதாரர் தரப்பு பூர்வாங்க ஆட்சேபனை எழுப்புகிறது: அரசியலமைப்பின் 126(2) உறுப்புரைப்படி, உரிமை மீறப்பட்டவர் தாமாகவோ தம் சார்பில் சட்டத்தரணி மூலமாகவோதான் மனுச் செய்யலாம், மனைவிக்கு அந்தத் தகுதி இல்லை.

முதலில் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். ஆட்சேபனை நிராகரிக்கப்பட்டது என்பதே அங்கே இருக்கும் முடிவு. முடிவு கையில் இருந்தால், மற்றப் பக்கங்களில் எது அதைத் தாங்கியது என்று பார்த்துக்கொண்டே வரலாம். முதற்பக்கத்திலிருந்து தொடங்குகிறவர் எல்லாவற்றுக்கும் கோடு போட்டு, மஞ்சள் மையில் முழுப்பக்கத்தையும் நனைத்துவிடுவார்.

அடுத்தது எழுவினா, அதாவது நீதிமன்றம் விடை சொல்ல வேண்டிய கேள்வி. 'சித்திரவதை நடந்ததா?' என்பதல்ல இந்தக் கட்டத்து எழுவினா. 'சித்திரவதையால் இறந்ததாகக் கூறப்படும் ஒருவருக்காக, அவர் மனைவி 126(2)இன் கீழ் மனுச் செய்யலாமா?' என்பதே. நல்ல எழுவினாவுக்கு ஆம், இல்லை என்று விடை சொல்ல முடியும்; சட்டப்பிரிவும் முக்கிய நிகழ்வும் அதற்குள்ளேயே இருக்கும். 'மனுத் தகுதி பற்றியது' என்று மட்டும் எழுதினால் அது தலைப்பு.

எழுவினா பிடிபட்ட பிறகுதான் நிகழ்வுகளைச் சலிக்க முடியும். ஒவ்வொரு நிகழ்வையும் மனதுக்குள் நீக்கிப் பாருங்கள். காவல் நிலையத்தின் பெயரை மாற்றினால் முடிவு மாறாது, அதை விட்டுவிடலாம். மரணத்துக்கும் சித்திரவதைக்கும் தொடர்பில்லை என்று மாற்றினால் முடிவு தள்ளாடும். அது கட்டாயம் வேண்டும். இங்கே பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. பூர்வாங்க ஆட்சேபனைக் கட்டத்தில் நிகழ்வுகள் இன்னும் நிரூபணமாகவில்லை. ஆகவே குறிப்பில் 'பொலிசார் கொன்றனர்' என்று எழுதக்கூடாது, 'என்று மனுதாரர் கூறுகிறார்' என்றே எழுத வேண்டும்.

இனி நியாயம். நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: சித்திரவதைக்கு ஆளாகி உயிர்தப்பியவர் நீதிமன்றம் வரலாம், சித்திரவதை கடுமையாகி உயிரே போனால் எவரும் வர முடியாது என்று உறுப்புரையை விளங்கிக்கொண்டால், அது அபத்தமாக முடியும். ஆகவே உரிமை மீறலுக்கும் மரணத்துக்கும் காரணத் தொடர்பு இருந்தால், நியாயமான அக்கறை உடைய ஒருவர் மனுவை முன்னெடுக்கலாம்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் தீர்ப்பு நியாயம். சோதித்துப் பார்க்க ஒரு பழைய உத்தி உண்டு: விதியைத் தலைகீழாக்குங்கள். 'காரணத் தொடர்பு இருந்தாலும் வேறெவரும் மனுச் செய்ய முடியாது' என்று வைத்தால் ஆட்சேபனை வென்றிருக்கும். முடிவு புரண்டுவிட்டது, ஆகவே அது தீர்ப்பைத் தாங்கிய விதி. தலைகீழாக்கியும் முடிவு அசையவில்லை என்றால் அது ஒபிட்டர். ஒரே முடிவைத் தனித்தனியே தாங்கும் இரண்டு நியாயங்கள் இருக்கும்போது இந்தச் சோதனை உதவாது: ஒன்றைப் புரட்டினால் மற்றது தாங்கிக்கொள்ளும், இரண்டும் ஒபிட்டர் போலத் தோன்றும்.

விதியை எவ்வளவு அகலமாக எழுதுவது? 'மனைவி மனுச் செய்யலாம்' என்பது மிகக் குறுகியது. நாளை ஒரு தாய் வந்தால் பயன்படாது. 'இறந்தவருக்காக எவரும் மனுச் செய்யலாம்' என்பது மிக அகலம். நீதிமன்றம் காரணத் தொடர்பையும் அக்கறையையும் கேட்டது. சித்திரவதைக்கு ஆளானவர் மாதங்கள் கழித்து வீதி விபத்தில் இறந்தால்? அதை இந்தத் தீர்ப்பு தீர்க்கவில்லை. அப்படியே எழுதிவைப்பதுதான் நேர்மையான குறிப்பு.

இதே வழக்கில் 2003இல் இறுதித் தீர்ப்பும் உண்டு. அதில் 13(4) உறுப்புரையிலிருந்து வாழும் உரிமை உட்கிடையாகப் பெறப்பட்டது; நமது அரசியலமைப்பில் அந்த உரிமை அப்போது வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கவில்லை. ஒரே வழக்குப் பெயர், இரண்டு தீர்ப்பு, இரண்டு எழுவினா. மனுத் தகுதிக்கும் வாழும் உரிமைக்கும் ஒரே பக்க எண்ணைக் காட்டும் விடைத்தாள், எழுதியவர் இரண்டையும் படிக்கவில்லை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சட்ட அறிக்கைகளைத் திறந்ததும் மேலே இருக்கும் தலைக்குறிப்பு நீதியரசர் எழுதியதல்ல, தொகுத்தவர் எழுதியது. அதில் நீதியரசர் பெயருடன் தனியாக எடுத்துப்போட்ட வரிகளும் வரும். அழகான வரிகளாகத்தான் இருக்கும், ஆனால் பல வேளை ஒபிட்டர். உள்ளேயும் இன்னொரு கண்ணி இருக்கிறது: 'என்று வாதிடப்பட்டது' என முடியும் பந்தி சட்டத்தரணியின் குரல். அதை நீதிமன்றம் ஏற்றதா, மறுத்ததா என்பது இரண்டு மூன்று பந்தி தள்ளித்தான் வரும். ஓரத்தில் 'ச' என்றும் 'நீ' என்றும் பென்சிலால் குறித்துக்கொண்டு போனால் குரல்கள் கலக்காது. 'நான் உடன்படுகிறேன்' என்ற ஒற்றை வரியையும் தாண்டிவிடாதீர்கள். ஆயத்தில் எத்தனை பேர் அந்த நியாயத்தையே ஏற்றார்கள், எத்தனை பேர் முடிவை மட்டும் ஏற்றார்கள் என்பது அங்கேதான் தெரியும்.